லின்வலின் உடம்புக்கு ஒத்த வேலை

லின்வல் இருபது வயதைத் தாண்டமாட்டான் என்று சொன்ன டாக்டர் செத்து எத்தனையோ வருஷமாகிறது. அவருடைய அடக்கத்துக்கு லின்வலே போயிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் டை, முன்வரிசையில் இடம், பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் பாடினான். திரும்பி வரும்போது, "நல்ல மனுஷன்க்கா. கணக்குத்தான் வரல," என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் தனியாக நின்று அழுதேன்.

நான் மெர்ல். எங்கள் தீவில் மே பென் என்கிற ஊரில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். லின்வல் பிரிசெட் என் பெரியம்மா இசில்டாவின் ஒரே மகன். எனக்கு இரண்டு வயது இளையவன். அவனைப் பற்றிச் சொல்லப்போனால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். யார் மேல் என்று கேட்காதீர்கள். அது எனக்கே இன்னும் தெளிவாகவில்லை.

அவனுக்குப் பிறவியிலேயே சிக்கில் செல். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தெரிந்த ரத்த நோய். ரத்த அணு அரிவாளாக வளைந்து போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் எலும்பை யாரோ உள்ளிருந்து முறுக்குவதுபோல் வலிக்கும். குளிர் பட்டால் வரும், தண்ணீர் குடிக்காவிட்டால் வரும், ஓடினால், நனைந்தால், காய்ச்சல் கண்டால் வரும். ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் சில சமயம் வரும். கைக்குழந்தையாக இருந்தபோது அவன் விரலெல்லாம் வீங்கிப் போய் ராத்திரி பகல் கத்தினான். அப்போதுதான் அந்த டாக்டர் பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த மாதிரிப் பிள்ளைங்க இருபதைப் பாக்கறது கஷ்டம். இருக்கற வரைக்கும் சந்தோஷமா வெச்சுக்கோங்க," என்றாராம்.

பெரியம்மா அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள். மகனைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டாள். காலையில் சோளமாவுக் கஞ்சி, பதினோரு மணிக்கு ரத்தம் ஊறுவதற்கென்று கெட்டிப்பால் ஊற்றிய பீட்ரூட் சாறு, மத்தியானம் மாட்டுவால் குழம்பு. நாங்களெல்லாம் கிணற்றடியில் துணி அலசும்போது அவன் நாற்காலியில் உட்கார்ந்து எங்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பான். வலி வந்தால் பள்ளிக்கூடம் கிடையாது. வலி போனாலும் கிடையாது. வாத்தியார் கேட்டதற்குப் பெரியம்மா சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "சர்டிபிகேட்டை வாங்கி யார் சார் மாட்டிப் பாக்கப் போறாங்க?"

அவனுக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது ஒரு ஆசை வந்தது. மேட்டுத் தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஹில்டன் கடை. அங்கே போய் உட்கார்ந்து மணிக்கணக்கில் வேடிக்கை பார்ப்பான். ஹில்டனே கூப்பிட்டார். "அஞ்சு வருஷம் என்கிட்ட விடு இசில்டா, கையில தொழில் இருக்கும்."

"அஞ்சு வருஷம் ஈயம் உருக்கற சூட்டுக்கோலைப் பிடிச்சுக்கிட்டு என் பிள்ளை குனிஞ்சு கிடக்கணுமா?" என்று பெரியம்மா எரிந்து விழுந்தாள். "இருக்கற நாளை அவன் அனுபவிக்கட்டும். போங்க."

லின்வலும் மறுவார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம், பாவி. ஆனால் வீட்டில் எல்லாரும் ஒருவனைப் பார்த்து இப்போதோ அப்போதோ என்று இருக்கும்போது அவனும் அப்படித்தானே தன்னைப் பார்ப்பான்?

பதினாறாவது வயதில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக் கிடந்தான். பாதிரியார் வந்து போனார். அந்த வாரமே பெரியம்மா கொத்தனாரைக் கூட்டிவந்து வீட்டுக்குப் பின்னால், பெரியப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில், சிமெண்டுக் கல்லறை ஒன்று கட்டவைத்தாள். எங்கள் பக்கத்தில் வீட்டு நிலத்திலேயே புதைப்பதுதான் வழக்கம். முன்கூட்டியே கட்டி வைப்பதும் உண்டு, ஆனால் கிழவர்களுக்கு. லின்வல் பிழைத்து வீடு திரும்பினான். பின்கட்டுக்குப் போய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "பூச்சு நல்லாருக்கு," என்றான். அப்புறம் ஈரச் சட்டைகளை அதன் மேல்தான் காயப்போடுவான். வெயில் அங்கே நன்றாக விழும்.

இருபதாவது பிறந்த நாளுக்கு ஊரே வந்தது. இரண்டு ஆடு வெட்டினார்கள். கேக் வெட்டும்போது பாதிப்பேர் அழுதார்கள். சர்ச்சுப் பெண்கள் கட்டிப்பிடித்து விடைபெறுகிற மாதிரி பேசினார்கள். எல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவி, மறுநாள் விடிந்தது. லின்வல் எழுந்து வந்து காப்பி கேட்டான். பெரியம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனி இவனை என்ன செய்வது என்று யாருமே யோசித்து வைத்திருக்கவில்லை.

சரி, பிழைத்துக் கிடக்கிறான், ஏதாவது லேசான வேலை பார்த்துக் கொடுப்போம் என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் லேசான வேலை என்று அவர்கள் நினைத்ததெல்லாம் ஆரோக்கியமான ஆளுக்கு லேசு. சூப்பர்மார்க்கெட்டில் உறைந்த கோழிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொடுக்கிற வேலை வாங்கிக் கொடுத்தார் ஒருவர். உட்கார்ந்த இடத்திலேயே வேலையாம். குளிரில் மூன்றாம் வாரமே முழங்கால் முறுக்கிக்கொண்டது. கரும்பு வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கிற வேலை, அதில் நாள் முழுக்க வெயில், குடிக்கத் தண்ணீர் ஒரு கல் தொலைவில். மரக்கடையில் ராக்காவல், அதில் மழைச்சாரல். ஒவ்வொரு வேலையிலும் ஒரு மாசம் நன்றாகப் போவான், அப்புறம் படுப்பான், அப்புறம் வேறொருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

இன்னொன்று. நோய் இருக்கிறது என்று எந்த முதலாளியிடமும் அவன் வாயைத் திறக்கமாட்டான். 'சிக்லர்' என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, ஒருவனை அப்படிக் கூப்பிட்டுவிட்டால் பெண்ணும் தரமாட்டார்கள், பாத்திரத்தையும் தரமாட்டார்கள். அதனால் லீவு போட்டதற்கு வயிற்றுப்போக்கு என்பான், பாட்டி செத்துப்போனாள் என்பான். மரக்கடைக்காரர் என்னிடமே கேட்டார்: "உங்க தம்பி குடிப்பானாம்மா? கண்ணு எப்பவும் மஞ்சளா இருக்கு."

"குடிக்கிற மூஞ்சியா அது? எலுமிச்சைச் சாறு குடிச்சாலே அவனுக்குத் தலை சுத்தும்," என்று கத்திவிட்டு வந்தேன். அந்த மஞ்சளும் நோயால் வந்ததுதான், ஆனால் உண்மையைச் சொல்ல அவன் விடவில்லை.

கடைசியாக ரொட்டிக்கடையில் கல்லா. அது நல்ல கதகதப்பு. அவனுக்குப் பிடித்துமிருந்தது. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருக்கணும். கணுக்காலில் ஒரு சின்னப் புண் வந்தது, கொசுக்கடி அளவுக்கு. சிக்கில் செல்லுக்குக் கணுக்கால் புண் வந்தால் லேசில் ஆறாது. நிற்க நிற்க விரிந்துகொண்டே போகும். உள்ளங்கை அகலத்துக்கு ஆனது. துணி சுற்றி மறைத்துக்கொண்டு போனான். ரொட்டி வாங்க வந்தவர்கள் வாசனை பிடித்து முகம் சுளித்தபோது அவனே வேலையை விட்டு நின்றுகொண்டான். அந்த அவமானத்தை அவன் யாரிடமும் சொல்லி அழவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

புண்ணுக்குக் கட்டுப்போட வாரா வாரம் தலைநகர் கிங்ஸ்டனில் இந்த நோய்க்கென்றே இருந்த மருத்துவமனைக்கு மினிபஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன். அந்த மருத்துவமனையில் சமூகப் பணியாளர் ஒருத்தி இருந்தாள், மிஸ் ஃபேசி. ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்கவே தெரியாதவள் மாதிரி இருப்பாள். லின்வலுக்கு அப்போது இருபத்தொன்பது. அவனை "மிஸ்டர் பிரிசெட்" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான், பின்னால் செத்துப்போன அப்பா நிற்கிறாரா என்கிற மாதிரி.

"மிஸ்டர் பிரிசெட், அம்பது வயசுல நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருக்கணும்னு நினைக்கிறீங்க?"

லின்வல் கட்டுப்போட்ட காலைத் தட்டிக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "அம்பதா! மிஸ், எனக்கு இருபதே போனஸ்."

அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கணக்கு பழசு. இங்க அம்பது, அறுபதுல எங்க ஆளுங்க நிறையப்பேர் வராங்க. நான் அம்பதை வெச்சுத்தான் கேக்கறேன்."

அதற்கப்புறம் அவள் கேட்ட கேள்விகள் எங்களில் யாரும் கேட்டதே இல்லை. என்ன வேலை காலியாக இருக்கிறது என்று அவள் ஆரம்பிக்கவில்லை. வருஷத்தில் எத்தனை தடவை படுக்கிறீங்க, படுத்தால் எத்தனை நாள்? உட்கார்ந்தால் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைக்க முடியுமா? எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீங்க, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறீங்க? இந்த நோயில் சிறுநீர் அடிக்கடி வரும், அதைத் தடுக்கிற வேலை ஆகாது என்றாள். மாடிப்படி ஏறினால் இடுப்பு வலிக்குதா? தூசி ஒத்துக்குமா? பஸ்ஸில் எவ்வளவு தூரம்? கடைசியில்தான் கேட்டாள்: "எதைச் செஞ்சுக்கிட்டிருந்தா உங்களுக்கு நேரம் போறதே தெரியாது?"

லின்வல் தயங்கினான். "சின்னச் சின்ன வேலைங்க மிஸ். கையில வெச்சு நோண்டறது. சின்ன வயசுல ரேடியோ கடையில உக்காந்திருப்பேன்."

"அது போதும்," என்றாள். "நீங்க வராத நாள்ல உங்களுக்காகக் காத்திருக்கற வேலையா பாக்கணும். மத்தவங்க காத்திருக்க முடியாத வேலை உங்களுக்கு வேணாம்."

இரண்டு வாரம் கழித்து அவளே எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள், கிங்ஸ்டனுக்கு அல்ல, எங்கள் ஊரிலேயே, சந்தைக்குப் பின்னால். பல் செட் செய்கிற பட்டறை. மிஸ்டர் சங் என்ற சீனர் குடும்பத்து ஆள் நடத்தினார். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், இங்கே அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ரோஸ் நிறப் பசையை அழுத்தி, வெந்நீரில் வேகவைத்து, தேய்த்து மெருகேற்றி அனுப்புவார்கள். வேகவைக்கிற பானையால் அறை எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. எல்லாரும் உட்கார்ந்துதான் வேலை. மேஜை அடியில் காலை நீட்ட இடம் இருந்தது. ஒருவன் வராவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரன் அவசரமானதை எடுத்துக்கொள்வான், மற்றது அலமாரியில் காத்திருக்கும்.

மிஸ் ஃபேசி தேய்க்கிற மோட்டாரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்தத் தூசி எங்க போகுது?" சங் ஜன்னல் பக்கம் தூசி உறிஞ்சுகிற குழாயைக் காட்டினார். "பசை வாடைக்கு?" அதற்கும் ஒரு விசிறி. "இவருக்கு நெஞ்சு கெடக்கூடாது. ஜன்னல் பக்கம் இடம் வேணும்," என்று பேசி முடித்தாள். இவனை அவள் அங்கே நட்டு வைத்துவிட்டுத்தான் போவாள் போலிருந்தது.

லின்வல் ஒரு மெழுகுத் தாடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோரைப்பல் கொஞ்சம் வெளியே நிற்பதைச் சங்கிடம் காட்டினான். "இது வேணும்னே இப்படியா சார்?"

"அந்தம்மாவுக்குப் பிறந்ததுலேர்ந்து அப்படித்தான். நேரா வெச்சா புருஷனுக்கு அடையாளம் தெரியாது," என்றார் சங். ரெண்டு பேரும் சிரித்தார்கள். பல வருஷம் கழித்து அவன் முகத்தில் அந்தப் பதிமூன்று வயதுக் களையை அன்றைக்குப் பார்த்தேன்.

"சரி, கத்துக்க எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டான்.

"என்கிட்ட நாலு வருஷம். பள்ளிக்கூடக் காகிதமெல்லாம் நான் கேக்கறதில்ல, கை நல்லாருந்தா போதும். அப்புறம் நீயே தனியா பட்டறை போடலாம்."

நாலு வருஷம் என்றதும் அவன் தாடையைக் கீழே வைத்துவிட்டான்.

வீட்டில் பெரியம்மாவிடம் சொன்னபோது அவள் மரவள்ளி அடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "நாலு வருஷமா? இவனுக்கு இருக்கறதே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அடை கருகியது. அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைப் பிடுங்கி எறிந்தேன்.

"எத்தனை நாளைக்குத்தான் பெரியம்மா இதையே சொல்லிக்கிட்டிருப்பீங்க? ஒன்பது வருஷமா சொன்ன கெடு தாண்டிப் போயிட்டிருக்கான்!"

ஆனால் லின்வலே என்னைத் தடுத்தான். "அக்கா, விடு. போறதுக்குள்ள அம்மாவுக்கு ஒரு ஃப்ரிட்ஜாவது வாங்கித் தரணும். நாலு வருஷம் கத்துக்கிட்டே போய்ச் சேந்தா என்ன லாபம்? மூணு மாசத்துல சம்பளம் வர மாதிரி ஒண்ணு இருக்கு."

கம்ப்யூட்டர் டைப்பிங். மூன்று மாசப் படிப்பு, முடித்ததும் கிங்ஸ்டனில் ஒரு பெரிய கொட்டகையில் வேலை, அமெரிக்கக் கம்பெனிகளின் பில்களைத் தட்டிக்கொண்டிருக்கணும். உட்கார்ந்த வேலை. ஊரில் எல்லாரும் கொண்டாடினார்கள். ஏசி அறையாம், டை கட்டிக்கொண்டு போகலாமாம். மிஸ் ஃபேசி ஒருத்திதான் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏசியா? மெஷினுக்காக அங்க நடுங்கற மாதிரி வெச்சிருப்பாங்க மிஸ்டர் பிரிசெட். போறதா இருந்தா முதல் நாளே மேனேஜர்கிட்ட நோயைச் சொல்லிடுங்க. காத்து நேரா படாத இடம் கேளுங்க. ஸ்வெட்டர், தண்ணி பாட்டில், நினைச்சப்ப பாத்ரூம். இது மூணும் இல்லாம உக்காராதீங்க."

அவன் எதையும் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டிலை மெஷின் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததாம், சரி என்று விட்டுவிட்டான். பாத்ரூமுக்கு மணியடித்தால்தான் போகணுமாம், அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்தான். குளிர்காற்றுக் குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்து, வேகமாகத் தட்டி, மாசத்தின் சிறந்த ஊழியர் என்று போட்டோ கூட மாட்டினார்கள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஃப்ரிட்ஜ் வந்தது. பெரியம்மா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஐஸ் தண்ணீர் கொடுத்தாள்.

ஒருநாள் மேஜையிலேயே கவிழ்ந்துவிட்டான். நுரையீரலில் ரத்தம் அடைத்து, மூச்சு நிற்கப் பார்த்து, ரத்தம் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில். எழுந்தபோது இடது இடுப்பெலும்பு ரத்தமில்லாமல் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். வேலை போனது. ஊன்றுகோல் வந்தது. போட்டோவைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள், அதுவே பெரிய மரியாதையாம்.

அடுத்த பத்து வருஷத்தை நான் எப்படிச் சொல்வது? லின்வல் என் கடையின் மூலையில் உட்கார்ந்திருந்தான். காய் நறுக்கித் தருவான், கல்லாவைப் பார்த்துக்கொள்வான், வருகிறவர்களிடம் கேலி பேசுவான். நன்றாக இருந்த நாளில் சந்தைக்குப் பின்னால் ஊன்றுகோலை ஊன்றிப் போய் வருவான். எங்கேடா போன என்றால் சும்மா என்பான். அந்தப் பட்டறை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறான் என்று மீன்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். லின்வல் வேண்டாமென்ற சமயத்தில் அங்கே சேர்ந்த அவன் வயசுக்காரன் ஒருவன் அதற்குள் பக்கத்து ஊரில் சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தான்.

நாற்பத்தொன்று முடிந்த அன்றைக்குக் கேக்கும் கிடையாது, ஆடும் கிடையாது. யாருக்கும் ஞாபகமே இல்லை. லின்வல் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "மெர்ல் அக்கா, நான் சாகமாட்டேன் போலிருக்கு," என்றான்.

"அதுக்கென்ன இப்போ?"

"இல்ல, கிழவனாயிடுவேன் போலிருக்கு. அதுக்கு ஒரு வேலை வேணுமே."

என்னால் அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கே போனேன். சங்குக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. லின்வலை அடையாளம் கண்டுகொண்டார்.

"கோரைப்பல் பையன்! எங்க போயிட்ட நீ?" என்றவர் விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப முன்ன மாதிரி இல்லப்பா. அந்தக் காலத்துல நானே கத்துக்குடுத்து நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். இப்போ காலேஜ் போயிட்டு வந்தவன்தான் பட்டறை போடலாம்ங்கறாங்க. அதுக்குப் பள்ளிக்கூடப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கணும்."

லின்வலிடம் ஒரு பரீட்சையும் கிடையாது. அந்தச் சர்டிபிகேட்டை மாட்டிப் பார்க்க ஆள் இருக்காது என்றுதானே நிறுத்தினார்கள்.

படித்தான். சாயங்கால வகுப்பில் பிள்ளைகளோடு பிள்ளையாக, ஊன்றுகோலை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு. "தாத்தா வந்துட்டார்" என்று கூச்சல் போடுவார்களாம். ஆங்கிலத்தில் பாஸ் ஆனான். கணக்குப் பரீட்சைக்கு முதல் தடவை படுக்கையில் கிடந்தான். இரண்டாம் தடவை போய் எழுதி மயிரிழையில் தவறினான். மூன்றாம் தடவை மழை, ஹால் முழுக்க ஈரம், பாதியில் வலி வந்து தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தப் பரீட்சை அதிகாரியிடம் நான் நடுரோட்டில் கத்திய கத்தலை ஊரே கேட்டது. லின்வல்தான் வெட்கப்பட்டான். "விடுக்கா. எனக்கு இன்னும் வேலைக்கு ஆகற கை இருக்கு. மழைக்கு அவர் பொறுப்பில்ல."

சங் அவனை உதவியாளாக எடுத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் இடம், காலுக்கு ஸ்டூல், மேஜையில் பெரிய தண்ணீர் ஜாடி. முதல் நாளே லின்வல் பட்டறையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்: எனக்குச் சிக்கில் செல், சில வாரம் வரமாட்டேன், ஏமாத்தறதில்ல. ஒருவனும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி, "எங்க அண்ணனுக்கும் அதேதான்," என்றாளாம். இத்தனை வருஷம் எதற்கு மறைத்தோம் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டான். எனக்கு என்ன தெரியும்?

அவன் பெரிய கைக்காரன் ஆகவில்லை. ரொம்ப லேட்டாக ஆரம்பித்தவன், மெதுவாகத்தான் செய்வான். ஆனால் படுத்தால் எழுந்து திரும்பிப் போனான். வேலை அவனுக்காக அலமாரியில் காத்திருந்தது. இப்படி ஒன்பது வருஷமாகப் போகிறான், மழைக்காலத்தில் அரை நாள், மற்ற நாளில் முழு நாள். அவன் செய்கிற பல் செட்டு எதுவும் அவன் பெயரில் போகாது. சங்குக்கு அப்புறம் அவருடைய மருமகள்தான் பட்டறையை எடுத்து நடத்துவாள். அவள் காலேஜ் முடித்தவள். லின்வலுக்கு என்றைக்கும் உதவியாள் சம்பளம்தான்.

போன மாசம் பெரியம்மாவுக்கு மீதியிருந்த பல்லையும் எடுத்துவிட்டார்கள். டாக்டர் அச்செடுத்துப் பட்டறைக்கு அனுப்பினார். லின்வல் அதை வேறு யார் கையிலும் விடவில்லை. டாக்டர் மாட்டிச் சரிபார்த்து அனுப்பிய அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் பெரியம்மா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு எண்பத்திரண்டு. முதல் வாரம் மெத்தென்றுதான் சாப்பிடணும் என்று லின்வல் பூசணிக்காயை மசித்துக் கொண்டுவந்தான்.

பெரியம்மா கைக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். உதட்டை விரித்தாள், மூடினாள். நாற்பது வயதில் அவள் சிரித்த சிரிப்பு அது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியைக்கூட லின்வல் விடாமல் வைத்திருந்தான்.

"இதை நீயாடா செஞ்ச?"

"நான்தாம்மா."

"எல்லாத்தையும் நீயேவா?"

"அச்சு மட்டும் டாக்டர். மத்ததெல்லாம் நான்தான்."

அவள் கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தாள். மகனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். நரைத்த தாடி, மஞ்சள் கண், ஸ்டூலில் தூக்கி வைத்த கால். "உனக்கு இப்ப என்ன வயசு?"

"அம்பத்தி மூணு."

"உன்னைப் புதைக்கறதுக்கு எல்லாத்தையும் தயார் பண்ணி வெச்சேன்டா," என்றாள். புதுப் பல்லில் வார்த்தை உரசிக்கொண்டு வந்தது. "நீ இருந்துட்டா என்ன செய்யறதுன்னு ஒரே ஒரு நாள் உக்காந்து யோசிச்சேனா? யோசிக்கலையே."

லின்வல் அவள் வாயோரத்தில் ஒட்டியிருந்த பூசணியைத் துடைத்தான். விடும்மா, பழசெல்லாம் எதுக்கு என்பான் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க அவளிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்த மிஸ்ஸம்மா சொன்னப்பவே உன்னை விட்டிருந்தா," என்று கேட்டாள் பெரியம்மா, "இப்போ உன் பேர்ல ஒரு பட்டறை இருந்திருக்கும், இல்லையா?"

லின்வல் கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"இருந்திருக்கும்மா," என்றான்.